ஒரு படித் தவிடு

பிறப்புப் பத்திரத்தில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. வானொலியில் அதைக் கொஞ்சம் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். என் அப்பாயி, அதாவது என் அப்பாவைப் பெற்றவர், கண் மூடும்வரை அந்த இரண்டில் எதையும் சொல்லி என்னைக் கூப்பிட்டதே இல்லை. அவருக்கு நான் ‘தவுடு’. “தவுடு, பசியாறிட்டியா?” “தவுடு, மழ வருது, துணிய எடு.” இடைநிலைப் பள்ளிக்குப் போனபோதும் தவுடுதான். பல்கலைக்கழகத்தில் ஊடகப் படிப்பு முடித்துப் பட்டமளிப்பு விழாவுக்கு அவரை அழைத்துப் போனபோது, அத்தனை பேருக்கு நடுவில் “எங்க தவுடு வந்துட்டா!” என்று கையைத் தட்டினார்.

வீட்டில் வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அப்பாவுக்கு நான் பாப்பா, தம்பிக்கு அக்கா. தவுடு என்பது அப்பாயியின் வாய்க்கு மட்டுமே சொந்தமான பெயர்.

அதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் உங்களுக்கும் தெரிந்ததுதான். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த எந்தப் பிள்ளையும் ஒரு முறையாவது இதைக் கேட்டிருக்கும்: “நீ எங்க பிள்ள இல்ல, உன்னத் தவுட்டுக்கு வாங்கினோம்.” பிள்ளை அழும், பெரியவர்கள் சிரிப்பார்கள். அப்பாயிக்கு அந்தக் கிண்டல் கொஞ்சம் அதிகமாகப் பிடித்துப்போய், அதையே பெயராக வைத்துவிட்டார் என்று வைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் இன்னும் இரண்டு புதிர்கள் உண்டு. ஒன்று, நான் என் அம்மாவை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு மூன்று வயது இளையவனான தம்பி அவரை ‘அம்மா’ என்பான். லயத்தில் இருந்த இளம்பெண்கள் எல்லாம் அவரை அக்கா என்று கூப்பிட்டதைக் கேட்டு எனக்கும் அதுவே பழகிவிட்டது என்று காரணம் சொல்வார்கள். இரண்டாவது, தம்பி பிறந்த வாரத்திலிருந்து எடுத்த படங்கள் ஓர் ஆல்பம் நிறைய இருக்கின்றன. நான் இருக்கும் முதல் படத்தில் எனக்கு மூன்று வயது. மடியில் தம்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கேமரா வாங்கவே அப்போதுதான் காசு வந்தது என்றார்கள். தோட்டத்துப் பிழைப்பு அப்படித்தான் என்பதால் அதையும் யாரும் கிளறிப் பார்க்கவில்லை.

அப்பாயி இறந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு, நான் நடத்தும் காலை நிகழ்ச்சியில் ஒரு நாள் எளிமையான தலைப்பு ஒன்றை வைத்தோம்: ‘வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்?’ வேலைக்குப் போகிறவர்கள் காரில் கேட்கிற நேரம். புஜ்ஜி, பட்டு, குஞ்சு, குண்டு பாப்பா என்று அழைப்புகள் சிரிப்பும் கும்மாளமுமாக வந்துகொண்டிருந்தன. நானும் என் பங்குக்கு, “எங்க அப்பாயிக்கு நான் தவுடு” என்று சொல்லி வைத்தேன்.

அடுத்த அழைப்பு பேராக்கில் இருந்து. வயதான அம்மா ஒருவர். “பாப்பா, எம் பேருலயே குப்ப இருக்கு. ஐசியிலயும் அதான்” என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “உனக்கு முன்னாடி உங்கம்மாவுக்கு எத்தன பிள்ள போச்சு?”

நேரலையில் என்ன சொல்வது? “நான்தான்மா மூத்தவள்” என்றேன்.

“மூத்த பிள்ளையத் தவுடுன்னு கூப்பிட மாட்டாங்கம்மா. வீட்டுல கேட்டுப் பாரு” என்றார். நான் ஒரு பாட்டைப் போட்டேன். நாலரை நிமிடப் பாட்டு. அன்றைக்கு அது போதவில்லை.

அந்த வார இறுதியில் கோலசிலாங்கூருக்குப் போனேன். தோட்டம் வீடமைப்புக்குப் போன பிறகு அப்பாவும் அக்காவும் அங்கே ஒரு தாமானில் மலிவுவிலை வீட்டில் இருக்கிறார்கள். அக்கா அடுப்படியில் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தார். வானொலியில் அந்த அம்மா கேட்டதை அப்படியே சொன்னேன். அக்கா அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், பழைய பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து வந்தார். அதில் மடித்து வைத்திருந்தவை இரண்டு தாள்கள். ஒன்று பிறப்புப் பத்திரம், மற்றது இறப்புப் பத்திரம். இரண்டிலும் ஒரே பெயர். இரண்டு தேதிகளுக்கும் இடையில் பதினோரு நாள்.

“உங்கண்ணன்” என்றார்.

அவனுக்கும் முன்னால், 1984இல், எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே அசைவு நின்றுபோன ஒரு பெண் குழந்தை. அதற்குப் பெயர் வைக்கவில்லை. 1986இல் இவன். நல்ல எடையோடு பிறந்தான். தோட்டத்தில் எல்லாரும் வந்து பார்த்து, தங்கம் மாதிரி நிறம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது நிறமல்ல, மஞ்சள் காமாலை என்று தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. மூன்றாவதாக, 1988இல் நான்.

அதற்குமேல் அக்கா சொல்லவில்லை. “மீதிய மாட்டுக்காரப் பாட்டிகிட்ட கேளு. அன்னிக்கு நடந்தத நான் பாக்கல. என்ன உள்ள வெச்சிக் கதவச் சாத்திட்டாங்க” என்றார்.

மாட்டுக்காரப் பாட்டி இப்போது கிள்ளானில் மகள் வீட்டில் இருக்கிறார். எண்பதைத் தாண்டிய வயது. காது கொஞ்சம் மந்தம், நினைவு பளிச்சென்று இருக்கிறது. எங்கள் லயத்துக்கு நாலு வீடு தள்ளி இருந்தவர். நான்கு மாடுகள் வைத்துப் பால் ஊற்றினார். பெற்ற ஆறு பிள்ளைகளும் அவருக்குப் பிழைத்துக் கிடந்தன. அப்பாயி அவரைத் தேடிப் போனதற்கு அதுதான் காரணம். எந்தப் பிள்ளையையும் பறிகொடுக்காத கை வேண்டும்.

பாட்டி சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே தருகிறேன்.

என்னை வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் முதலே அப்பாயி யாரையும் பார்க்க விடவில்லை. புதுத்துணி போடவில்லை. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி வைத்திருந்தார். அண்ணனுக்குப் பதினோராம் நாளில் முடிந்தது என்பதால், பத்து நாளுக்குள் காரியத்தை முடிக்க வேண்டும் என்று கணக்கு. ஒன்பதாம் நாள், விடிவதற்கு முன்னால், எல்லாரும் பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், தேய்ந்துபோன முறம் ஒன்றில் என்னைப் படுக்க வைத்து லயத்துக்குப் பின்னால் தூக்கிப் போனார். அங்கே மாட்டுச் சாணமும் வீட்டுக் குப்பையும் கொட்டுகிற மேடு ஒன்று இருந்தது. அதன்மேல் முறத்தை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் பிள்ளைமேல் இன்னும் ஆசை இருக்கிறது என்று ஆகிவிடுமாம்.

சாணக் கூடையோடு மாட்டுக்காரப் பாட்டி தற்செயலாக வருவதுபோல் வந்தார். “யாரு பெத்துப் போட்ட பிள்ளையோ, கேக்க நாதியில்லாமக் கெடக்கே!” என்று நாலு வீட்டுக்குக் கேட்கும்படி சத்தம் போட்டார். முறத்தோடு தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். அந்த நிமிடத்தில் நான் அக்காவின் பிள்ளை இல்லை. குப்பையில் கண்டெடுத்த பிள்ளை.

கொஞ்ச நேரம் கழித்து அப்பாயி அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். முன்பின் தெரியாதவர் போல. “உன் வீட்டுல பிள்ள ஒண்ணு இருக்காமே, வெலைக்குக் குடுப்பியா?”

“குடுக்கலாம். ரெண்டு படித் தவுடு குடு.”

“இந்தக் கறுப்புக்கு, இந்தச் சப்ப மூக்குக்கு ரெண்டு படியா? ஒரு படி தாறேன். இஷ்டம்னா குடு, இல்லன்னா நீயே வெச்சிக்க.”

இதைச் சொல்லும்போது பாட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பேரம் பேசாமல் வாங்கினால் விலை உயர்ந்த பொருள் என்று ஆகிவிடும், அதனால் கட்டாயம் குறைத்துக் கேட்க வேண்டும் என்றார். “ஆனா உங்கப்பாயி நெசமாவே பேரம் பேசினா. குரல் நடுங்கிச்சி, பேரத்த விடல.”

அந்த ஒரு படித் தவிட்டுக்கும் ஒரு கதை இருக்கிறது. தோட்டத்தில் தவிடு இருந்த ஒரே வீடு மாட்டுக்காரப் பாட்டியின் வீடு. அவரிடமே வாங்கி அவரிடமே கொடுத்திருக்கலாம். அப்பாயி ஒத்துக்கொள்ளவில்லை. கடன் வாங்கின தவிட்டுக்கு வாங்கின பிள்ளை கடனாகத்தான் தங்கும் என்றாராம். என்னைப் பெற்ற அக்கா மருத்துவமனையில் இருந்தபோதே, பஸ் ஏறி தஞ்சோங் காராங் போய், நெல் ஆலையில் மாட்டுத்தீவனத் தவிடு வாங்கி வந்து வைத்திருந்தார். அந்தப் பக்கம் முழுவதும் நெல் வயல், ஆலைக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு நாள் பால்வெட்டுச் சம்பளத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

தவிட்டை அளந்து பாட்டியின் முறத்தில் கொட்டினார். என்னை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாத்திய கதவைத் திறந்தார்.

“அந்தத் தவுட்ட என்ன பாட்டி செஞ்சீங்க?” என்று கேட்டேன்.

“என்னா செய்யிறது? புண்ணாக்கோட கலந்து மாட்டுக்கு வெச்சேன். வெல குடுத்தது, வீணாக்கலாமா?”

இந்தச் சடங்கு எங்கள் அப்பாயி கண்டுபிடித்ததல்ல. பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து பறிகொடுத்த வீடுகளில், அடுத்த பிள்ளையைக் காப்பாற்றத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் செய்துவந்த வழக்கம். நம் முன்னோர்கள் கப்பலேறியபோது அதுவும் கூடவே வந்திருக்கிறது. உள்ளே இருக்கும் எண்ணம் எளிமையானது: சாவு, விலையுள்ளதைத்தான் தேடி வரும். அதனால் பிள்ளை விலையற்றது என்று ஊரறியக் காட்ட வேண்டும். குப்பையில் போட்டு எடுத்தால் குப்பன், குப்பாயி, குப்பம்மா. யாரோ இட்ட பிச்சை என்று சொன்னால் பிச்சை, பிச்சையம்மா. மண்ணாங்கட்டி என்றே பெயர் வைத்த வீடுகளும் உண்டு. ஆண் பிள்ளைக்கு மூக்குக் குத்தி, மூக்கன் என்று கூப்பிட்டார்கள். தவிட்டுக்கு விற்று வாங்கினால், அந்தத் தவிடே பெயராக ஒட்டிக்கொள்ளும்.

ஏன் தவிடு? இனாமாகக் கொடுத்தால் கொடுத்தவளின் உரிமை போகாது என்பார்கள். விற்றால்தான் உரிமை கை மாறும். அதனால் விலை என்று ஒன்று வேண்டும், ஆனால் அது மிகமிகக் குறைவாக இருக்க வேண்டும். நெல்லைக் குத்தும்போது உமி போன பிறகு அரிசியின் மேலிருந்து உதிர்வது தவிடு. மனிதர்கள் தின்னாததால் மாட்டுக்குப் போகும். விலை உண்டு, மதிப்பு இல்லை. அப்பாயிக்கு வேண்டியதும் அதுதான்.

அப்படியென்றால் அந்தப் பெயர் ஒரு கொஞ்சல் இல்லை. அது ஒரு விற்பனைப் பத்திரம். ஒவ்வொரு முறை “தவுடு” என்று கூப்பிட்டபோதும், இவள் இந்த வீட்டில் பிறந்தவள் இல்லை, ஒரு படித் தவிட்டுக்கு நான் வாங்கிப் போட்டவள் என்று, கேட்டுக்கொண்டிருக்கும் எதற்கோ அவர் நினைவுபடுத்தியிருக்கிறார். பட்டமளிப்பு விழா மண்டபத்தில்கூட விடவில்லை. மற்ற பிள்ளைகளுக்குக் கிண்டலாகச் சொல்லப்படும் ஒரு வாக்கியம் என் விஷயத்தில் நிஜமாகவே நடந்திருக்கிறது. அந்தக் கிண்டலும் எங்கோ ஒரு காலத்தில் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் கிளம்பியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

நம் அண்டை வீடுகளிலும் இதன் சாயல் உண்டு. சீனர்களில் பழைய தலைமுறையினர் பிள்ளைகளுக்கு ‘நாய்’ என்று பொருள்படும் செல்லப்பெயர் வைத்தார்கள். ஜாதகம் சரியில்லை என்று சொன்னால், பெற்றவர்களையே மாமா, அத்தை என்று கூப்பிடச் சொல்லிப் பிள்ளையை வளர்ப்பார்கள். என்னோடு வேலை செய்யும் மலாய்த் தோழி தன் அண்ணன் மகனைத் தூக்கும்போதெல்லாம் ‘புசுக், புசுக்’ என்று கொஞ்சுவாள். நாற்றம் பிடித்தவன் என்று அர்த்தம். குழந்தையை அழகு என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது அவள் பாட்டி சொல்லிக்கொடுத்ததாம்.

இதைப் படித்துவிட்டு உங்கள் தாத்தா பாட்டி பெயர்களை எண்ணிப் பார்க்கத் தொடங்கியிருப்பீர்கள். கொஞ்சம் நிதானம் வேண்டும். குப்புசாமி என்ற பெயர் தாத்தாவின் பெயர் என்பதற்காக மட்டும் பேரனுக்கு வந்திருக்கலாம். போதும்பொண்ணு என்ற பெயர் முற்றிலும் வேறு கதை. அது பெண் பிள்ளைகள் போதும் என்று அலுத்துக்கொண்டு வைத்தது, பிள்ளை தங்க வேண்டும் என்று வைத்ததல்ல. பெயரை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. அதைச் சுற்றியிருப்பதைப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு முன்னால் பிறந்தவர்கள் உண்டா? தாத்தாவின் மூக்கில் துளையின் தழும்பு இருக்கிறதா? ஒரு பிள்ளைக்கு மட்டும் சிறுவயதுப் படங்கள் இல்லையா? பெற்றவளை வேறு முறை சொல்லிக் கூப்பிடுகிறார்களா?

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைத் திரும்பவும் கோலசிலாங்கூருக்கு அழைத்துப் போனது.

கதவைத் திறந்து என்னைக் கையில் கொடுத்தபோது அப்பாயி என்ன சொன்னார் என்று அக்காவிடம் கேட்டேன். அக்காவுக்கு ஒரு வார்த்தை மறக்கவில்லை. “இது நான் வாங்கியாந்த பிள்ள. நீ பால் மட்டும் குடு. எம் பிள்ளன்னு வாயால சொல்லாத. அம்மான்னு கூப்பிட விடாத.”

மூன்று வயதுவரை அந்தக் கட்டுப்பாடு. அதனால்தான் படம் எடுக்கவில்லை, பிறந்தநாள் கொண்டாடவில்லை. மற்றவர்கள் எதிரில் அக்கா என்னைக் கொஞ்சியதில்லை. பேச்சு வந்தபோது நான் “ம்மா” என்றுதான் ஆரம்பித்தேனாம். அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து, “அக்கான்னு சொல்லு, அக்கா” என்று திருத்தினார். “நீ சீக்கிரம் கத்துக்கிட்ட” என்றார் அக்கா. தம்பி பிறந்து, அவனும் தங்கி, கெடு முடிந்தபோது எனக்கு அக்கா என்பதே நாக்கில் உட்கார்ந்துவிட்டது. அதை மாற்றப்போய் எதையாவது கிளப்பிவிடுவோமோ என்று யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

“அப்பாயிமேல உங்களுக்குக் கோவம் வரலியா?”

“வராம? பெத்தவ நான், வெல பேசினது அவங்க” என்றார். சற்றுப் பொறுத்து, “ஆனா அவங்க தவுட்ட மட்டும் நம்பிக்கிட்டு உக்காரல” என்றும் சொன்னார்.

இது நான் எதிர்பார்க்காத பகுதி. நான் பிறந்த வாரத்தில், வீடு வீடாக வந்து பார்க்கிற அரசாங்கத் தாதியை, தோட்டத்தில் எல்லாரும் மிஸ்ஸி என்று கூப்பிடும் பெண்ணை, அப்பாயி முச்சந்தியில் போய் நின்று கையோடு கூட்டி வந்தார். யாரும் பார்க்கக்கூடாது என்று பொத்தி வைத்த பிள்ளையை அவரிடம் மட்டும் கொடுத்தார். மிஸ்ஸி என்னை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, நெற்றியிலும் நெஞ்சிலும் விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தார். அழுத்திய இடம் வெளுத்துத் தெரிந்தால் சரி, மஞ்சளாகவே நின்றால், அதுவும் வயிறு, கால் என்று கீழே பரவியிருந்தால், உடனே ரத்தம் சோதிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். கறுப்பு நிறப் பிள்ளைகளுக்குக் கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பார்க்க வேண்டும் என்றார். அதற்குப் பிறகு அப்பாயி தினமும் காலையில் என்னை வாசலில் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார். அண்ணனுக்குத் தங்க நிறம் என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

தவிடு காமாலையைத் தடுக்காது. அது எனக்கும் தெரியும், மிஸ்ஸியை முச்சந்தியில் காத்திருந்து கூட்டி வந்த அப்பாயிக்கும் தெரிந்துதான் இருக்கும். இரண்டு பிள்ளைகளைப் புதைத்துவிட்டு மூன்றாவதைக் கையில் வாங்குகிறவருக்கு, எந்த வழியையும் விட்டுவைக்க மனம் வராது. ஒன்றை மிஸ்ஸியிடம் கேட்டார். இன்னொன்றைத் தன் ஊர் வழக்கத்திடம் கேட்டார். அந்த இரண்டாவதற்கான செலவை மட்டும் அக்கா கொடுத்தார். ஒரு படித் தவிடு அப்பாயி கொடுத்த விலை. ‘அம்மா’ என்ற சொல் அக்கா கொடுத்த விலை.

பிஸ்கட் டின்னை மூடுவதற்கு முன் அக்கா அண்ணனின் பெயரைச் சத்தமாகப் படித்தார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர். அதை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. என்னைப் பற்றி எழுதலாமா என்று கேட்டதற்கு, “எழுது. தவுட்டுக்கு வாங்கினதுன்னே எழுது. நல்லாருக்கான்னு மட்டும் எழுதிடாத” என்றார்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள், காலை நிகழ்ச்சி முடிந்ததும் அவருக்குப் போன் செய்தேன். எடுத்தவுடன், “அம்மா” என்றேன்.

“யாருங்க பேசறது?” என்றார்.